முன்பே எழுதிய முடிவு

அமெரிக்க மேடை மற்போரைப் பற்றிப் பேச்செழுந்தால், படித்தவர் பலரும் அதை இரண்டே சொற்களில் ஒதுக்கிவிடுவர்: "எல்லாம் பொய்." தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய பந்தயங்களைப் பற்றியும் பம்பாயில் இதையே சொன்னார்கள். என் தங்கை மகன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆரவாரம் செய்யும்போதெல்லாம், "பொய்ச்சண்டைக்கு இத்தனை கூச்சலா?" என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. "முடிவுதான் மாமா முன்பே எழுதியது, விழுவது உண்மைதானே?" என்பான் அவன். அந்தப் பதிலை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

முடிவு முன்பே எழுதப்படுவதில் ஐயமில்லை. வெல்பவர் யார், எந்தப் பிடியில் ஆட்டம் முடியும், யாருக்கு யார்மீது என்ன வஞ்சம் என்பவற்றையெல்லாம் கதை அமைப்போர் தீர்மானிக்கின்றனர். 1989-இல் வின்ஸ் மக்மேனின் நிறுவனமே, விளையாட்டுக் கண்காணிப்பு விதிகளினின்றும் விலக்குப் பெறும் பொருட்டு, நியூ ஜெர்சி மாநில மேலவைக்கு இதை வெளிப்படையாகத் தெரிவித்தது. ஆனால் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்ட பகுதியில் பெரும்பாலானவற்றை மல்லர் இருவரும் அப்போதைக்கப்போது அமைத்துக்கொள்வதுண்டு. ஒருவர் மற்றவர் தலையைக் கைக்குள் இறுக்கி நிற்கும்போது நாம் வலிப்பிடி என்று எண்ணுகிறோம். அந்த மறைவில் அவர்கள் அடுத்து வருவதை முணுமுணுத்துக் கொள்கிறார்கள். நடுவரும் ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்க்கும் தூதர்தாம்.

விழுவதோ தனிக்கலை. மேடையின் அடியில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் இருக்கின்றன. மேலே மெல்லிய மெத்தையும் கித்தானுமே உண்டு. மல்லர் மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளிவிட்டு, முதுகு முழுவதும் ஒருசேரத் தரையில் படுமாறு விழுகிறார். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவிவிடுகிறது. தலை பின்னுக்குச் சாய்ந்தால் மூளை கலங்கும். தூக்குபவரைவிடத் தூக்கப்படுபவருக்கே திறமை மிகுதியாக வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் அவர் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத பிடிகளும் உள்ளன.

அத்தகைய பிடியொன்று 1997 ஆகஸ்டு 3-ஆம் நாள், அதே நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டு நகரில், சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பிழைத்தது. மோதியவர்கள் ஓவன் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். பட்டத்தை வெல்ல வேண்டியவர் ஆஸ்டின் என்பது ஏற்பாடு. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஓவன், ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி அணைத்துக்கொண்டார். இப்பிடியில் தூக்கியவர் முழந்தாளிட்டு இறங்குவதே வழக்கம். மற்றவர் தலை அவர் தொடைகளுக்கிடையே சற்று உயரத்தில் நிற்பதால், தரையை மோதுவது முழங்கால்களே. தலைக்குச் சிறிது இடம் மிஞ்சும். அன்று ஓவன் முழந்தாளிடாமல் அமர்ந்தவாறே இறங்கினார். அமர்ந்துவிட்டால் அந்த இடைவெளி இல்லை. தலையை இருக்கையின் மட்டத்திற்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தால்தான் தப்பலாம். ஆஸ்டினின் தலையோ தொடைகளுக்குக் கீழே தொங்கியது. இருவர் எடையும் சேர்ந்து உச்சந்தலையில் இறங்கிற்று. கைகால்களை அசைக்க முடியாமல் கிடந்தார் அவர்.

பார்த்திருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? நடிப்பில் அடிபட்டவர் புரளுவார், வலியால் முகத்தைச் சுளிப்பார். ஆஸ்டின் அசையவே இல்லை. வீழ்த்திய ஓவன் உடனே மேலே பாய்ந்து வெற்றி கொள்ள வேண்டியவர்; அவரோ கூட்டத்தை நோக்கிக் கேலி பேசியவாறு மேடையைச் சுற்றி வந்தார். செருக்குற்ற வில்லனின் இயல்பாகவே அது பலருக்குப் பட்டிருக்கும். உண்மையில் ஆஸ்டினுக்கு உணர்வு திரும்பும்வரை அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனின் காலைப் பற்றிச் சாய்த்தார். குழந்தைகூட உதறிவிடக்கூடிய பிடி அது. ஓவன் உதறவில்லை, நடுவர் மூன்றெண்ணும்வரை அசையாது கிடந்தார். எழுதிய முடிவு எழுதியபடியே நிறைவேறிற்று. வென்றவரைப் பிறர் தாங்கி அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

பின்னர் நடந்ததுதான் வியப்பு. ஆஸ்டின் களமிறங்க இயலாமல் பட்டத்தைத் துறந்தார். நிறுவனம் அந்தக் காயத்தையே கதையாக்கியது. செப்டம்பர் 22-ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், உடல் தேறாமல் மோதக் கூடாது என்று மக்மேன் மேடையில் அறிவுரை சொல்ல, ஆஸ்டின் அவரையே அடித்து வீழ்த்தினார். முதலாளிக்கும் தொழிலாளிக்குமான அந்தப் பகைக்கதை ஆண்டுக்கணக்கில் கூட்டம் சேர்த்தது. கதையில் வந்த சினம் எழுதியது. கதைக்குக் காரணமான கழுத்து வலி எழுதியதன்று. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கழுத்தில் அறுவை நடந்தது. 2003 மார்ச் 30-ஆம் நாள் சியாட்டலில் 'தி ராக்' என்னும் மல்லரிடம் தோற்று, முப்பத்தெட்டு வயதிலேயே அவர் முறையான ஆட்டத்தினின்றும் விலகினார். அந்தத் தோல்வியும் முன்பே எழுதப்பட்டதுதான்.