எட்டாம் எண் அறையும் ஒரு துண்டுச் சீட்டும்



அத்திப்பட்டில் தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்றின் துப்புரவுப் பணியை நாங்கள், கணவனும் மனைவியுமாக, மேற்பார்வை செய்து வருகிறோம். வேலை மூன்று ஷிப்டுகளாக நடக்கிறது. காலை 6, பகல் 2, இரவு 10 ஆகிய நேரங்களில் ஆள் மாறும். இரவு ஷிப்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் பேசுவது தமிழ். காலையில் வருபவர்கள் ஒடிசா, வங்காளம், பீகார் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். ஒருவர் விட்ட வேலையை மற்றவர் தொடர்வதற்கு இடையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டு எங்களுக்குக் கற்றுத் தந்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு நாள் விடியற்காலை. எட்டாம் எண் அறையின் கழிப்பறையில் உப்புக்கறை போகவில்லை என்று இரவுப் பணியில் இருந்த அக்கா ஆசிட் ஊற்றி ஊற விட்டிருந்தார். வீட்டுக்குப் போக இரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். "8-இல் ஆசிட் ஊற்றியிருக்கு. பிளீச்சிங் போடாதே" என்று எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அவர் எழுதியதில் பிழை ஏதுமில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருந்தார்.

காலையில் வந்த ஒடிசாத் தம்பிக்குத் தமிழ் படிக்க வராது. பக்கத்தில் நின்றவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் காதில் பிடிபட்டவை மூன்று: எட்டு, ஆசிட், பிளீச்சிங். "ஆசிட் வேலை முடிந்தது, இனி பிளீச்சிங் போட வேண்டும்" என்று எடுத்துக்கொண்டு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்து, இருமல் தாளாமல் அவர் வெளியே ஓடி வந்தார். திறந்த வெளியில் உட்கார வைத்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இருமல் அடங்கினாலும் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தெரியக்கூடும் என்பதால் அன்று முழுவதும் அவரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நலமாகத் திரும்பினார். வீட்டில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அந்தச் சீட்டை இருவரும் பலமுறை எடுத்துப் பார்த்தோம். குற்றம் 'போடாதே' என்ற சொல்லில் இருந்தது. 'போடு' என்பதற்கும் 'போடாதே' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழில் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. அரைகுறையாகத் தமிழ் தெரிந்தவர் சொல்லின் தலையைப் பிடித்துக்கொள்வார், வாலைத் தவறவிடுவார். எச்சரிக்கை அவர் காதில் கட்டளையாக மாறிவிடும். ஆகவே எங்கள் முதல் விதி: சீட்டில் 'செய்யாதே' என்று எதையும் எழுதுவதில்லை. தடுக்க வேண்டியதைப் பொருளால் தடுக்கிறோம். கதவில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் உள்ளே போகக் கூடாது. கட்டியவர்தான் அதை அவிழ்க்க வேண்டும். ஷிப்டு முடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் யாரும் ஆசிட்டைத் தொடுவதில்லை. அதனால் ஆசிட் பற்றி அடுத்தவருக்கு எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

அடுத்து, நேரம். உருது பேசும் நம் வீடுகளில் இது நன்கு தெரியும்: 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். இந்தியிலும் அப்படியே. "விரிப்பு மாற்றுவது கல்" என்று ஒருவர் சொன்னால், மாற்றியாகிவிட்டதா, மாற்ற வேண்டுமா? இரவு ஷிப்டு நள்ளிரவைத் தாண்டுவதால் 'இன்று' என்ற சொல்லும் நம்பகமானதன்று. எனவே நேற்று, இன்று, நாளை மூன்றையும் விட்டுவிட்டோம். தேதியை எண்ணாலும், மணியை 24 மணிக் கணக்கிலும் எழுதுகிறோம். மாலை ஆறு என்றால் 18:00.

மூன்றாவது, எண். கைபேசியும் ரூபாய் நோட்டும் பழகியவர்கள் என்பதால் 1, 2, 3 எல்லாருக்கும் தெரியும். ஆனால் வங்காளத் தம்பி ஒருவர் அவசரத்தில் தம் தாய்மொழி இலக்கத்தில் எழுதிவிட்டார். வங்காளத்தில் 'நான்கு' நம் கண்ணுக்கு 8 போலவே தெரியும். 'ஏழு' 9 போலத் தெரியும். நான்காம் அறைக்கு வைத்த போர்வைகள் எட்டாம் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு எண்ணைக் கையால் எழுதுவதையும் நிறுத்தினோம். அறை எண்கள் அட்டையில் அச்சாகவே உள்ளன. உரிய வரியில் குறி இட்டால் போதும்.

குறியிலும் சிக்கல் வந்தது. சரி என்ற குறியைச் சிலர் 'முடிந்தது' என்றும், சிலர் 'இதைச் செய்' என்றும் கொண்டார்கள். இப்போது வட்டம் மட்டுமே. முழுதும் நிரப்பிய வட்டம் என்றால் முடிந்தது. பாதி நிரப்பியது என்றால் நடந்துகொண்டிருக்கிறது. வெற்று வட்டம் என்றால் தொடங்கவில்லை. ஒரு வரியில் அறை எண், வேலையின் படம், வட்டம், முடிக்க வேண்டிய மணி ஆகிய நான்கு மட்டும் இருக்கும். அன்றைய சீட்டு இந்த அட்டையில் இப்படி அமைந்திருக்கும்: 8, கழிப்பறைப் படம், பாதி வட்டம், 07:00. கதவில் சிவப்பு நாடா. அக்கா அவிழ்க்காமல் புறப்பட முடியாது; அவிழ்க்க வேண்டுமென்றால் ஆசிட்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

அட்டையைக் கொடுத்தால் மட்டும் ஒப்படைப்பு முடிந்துவிடாது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். புரியாதவர் இன்னும் வேகமாக ஆட்டுவார். ஆகவே கேட்பதை விட்டுவிட்டோம். வருபவர் ஒவ்வொரு பாதி வட்டத்தையும் விரலால் தொட்டு, அதற்குரிய புட்டியையோ துடைப்பானையோ கையில் எடுத்துக் காட்ட வேண்டும். தவறான புட்டியை எடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறது. அதற்காக வருபவர்களைச் சற்று முன்னதாகவே வரச் சொல்லி, அந்த நேரத்துக்கும் கூலி கணக்கிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் இந்த அட்டை உதவாது. குழாய் உடைந்தது, ஒருவருக்கு உடல்நலமில்லை, பொருள் ஒன்று காணவில்லை என்பவற்றுக்கு வட்டம் கிடையாது. அவற்றை எழுத முயலாமல் எங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருக்கிறோம். நள்ளிரவு அழைப்புகள் கூடியிருக்கின்றன, அதை ஏற்றுக்கொண்டோம்.

நபி (ஸல்) அவர்கள் பிற சமூகத்தாருடன் கடிதத் தொடர்பு கொள்வதற்காக ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அம்மக்களின் எழுத்தைக் கற்கச் செய்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்லும்போது, தானாகச் சொல்லி எழுத வைக்க இயலாதவரின் உரிமையையும் சேர்த்துக் காக்கிறது. பல்லாண்டுகள் ஓதியும் இவற்றை எங்கள் துண்டுச் சீட்டோடு நாங்கள் பொருத்திப் பார்த்ததில்லை. எழுதியவருக்குப் புரிந்தால் போதும் என்றிருந்தோம். வாசிப்பவருக்குப் புரியும்வரை அந்த அமானிதம் எழுதியவர் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதை, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்த அந்தத் தம்பியைப் பார்த்த பிறகே உணர்ந்தோம். அவர் இப்போதும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். சிவப்பு நாடாக்களை வெட்டி வைப்பவர் அவரே.