நெற்றியும் நாடியும் ஆருடையது?

நுண்கடன் பற்றி நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் குறும்படத்தில் ஒரு அம்மா ஆறு நிமிடம் கதைக்கிறா. முகம் தெரியக்கூடாது என்பதுதான் அவ வைத்த ஒரே நிபந்தனை. கடன் கம்பனியிலிருந்து கிழமைக்கு ஒருக்கா சென்டர் கூட்டத்துக்கு வாற பொடியன் படத்தைப் பார்த்தால், அவவுக்கு மட்டுமல்ல, அவவோடு சேர்ந்து பிணை வைத்த மற்றப் பெண்களுக்கும் கரைச்சல். ஆனால் முகத்தை மொசைக் போட்டு மறைக்க எங்களுக்கு மனமில்லை. மொசைக் முகத்தை எங்கட சனம் இவ்வளவு காலமும் பார்த்தது செய்தியில் குற்றவாளிகளுக்குத்தான். அதோடு, கடன் தவணை பற்றிச் சொல்லும்போது அவ ஒரு இடத்தில் வாயை இறுக்கிக்கொண்டு கண்ணைத் தாழ்த்துவா. மொசைக்குக்குள் அது போய்விடும்.

இதற்கு ஒரு வழி ஏற்கனவே செய்து காட்டப்பட்டிருக்கிறது. செச்னியாவில் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வேட்டையாடப்பட்டதைப் பற்றி டேவிட் ஃபிரான்ஸ் 2020இல் வெளியிட்ட 'வெல்கம் டு செச்னியா' என்ற ஆவணப்படத்தில், தப்பி ஓடியவர்களின் முகங்களுக்கு மேல் வேறு தன்னார்வலர்களின் முகங்களைக் கணினியால் பொருத்தியிருந்தார்கள். அழுகை, பயம், சிரிப்பு எல்லாம் தப்பியவருடையது. தோற்றம் மட்டும் இன்னொருவருடையது. அந்தப் பொருத்தின முகங்களின் ஓரத்தில் மெல்லிய மங்கல் ஒன்று தெரியும். பார்க்கிறவருக்கு இது மாற்றின முகம் என்று விளங்கட்டும் என்றே அப்படி விட்டிருந்தார்கள். நாங்களும் அதைத்தான் செய்ய வெளிக்கிட்டோம். ஏமாற்றுவதற்கு என்று பேர் வாங்கின டீப்ஃபேஸ்லாப் மென்பொருளைத்தான் பாவித்தோம்.

அது ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்கும்: முகம் என்று நீ எதைச் சொல்கிறாய்? வீடியோவை ஒவ்வொரு படமாகப் பிரித்து (எங்களுடையது நொடிக்கு 25 வீதம் ஆறு நிமிடம், 9000 படம்) ஒவ்வொன்றிலும் முகத்தைச் சதுரமாக வெட்டி எடுக்கவேண்டும். வெட்டும் அளவுக்குப் பல தெரிவுகள் உண்டு. `HF` என்றால் புருவத்திலிருந்து வாய்வரை, அதாவது கண், மூக்கு, வாய் மட்டும். `F` நாடியைச் சேர்க்கும், நெற்றியில் கொஞ்சத்தைத்தான் தொடும். `WF` நெற்றி முழுவதையும் நாடியையும் சேர்க்கும். அதற்கும் மேலே முழுத் தலை. முதன்முதல் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வெட்டும்போது `WF` ஆக வெட்டி வையுங்கள். பெரிதாக வெட்டினதிலிருந்து சின்ன முகத்துக்குப் பிறகு பயிற்றலாம். சின்னதாக வெட்டினால் நெற்றி திரும்பி வராது.

சின்னதாக வெட்டுவதில் ஒரு கவர்ச்சி இருக்கு. கணினி பயிற்சி எடுக்கிற சதுரம், எங்கட கிராபிக்ஸ் கார்டு தாங்கும் அளவுக்கு, பக்கத்துக்கு 224 பிக்ஸல். அதற்குள் கண், மூக்கு, வாய் மட்டும் இருந்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் நிறையப் பிக்ஸல் கிடைக்கும். இமை மயிர்கூடத் தெளிவாக வரும். அதே சதுரத்துக்குள் நெற்றியையும் நாடியையும் அடைத்தால் கண் சுருங்கி மங்கும். ஓரங்களும் சின்ன வெட்டில் சுகம்: கன்னத்தின் நடுவிலே தோல் தோலோடு சேரும், தலைமயிரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

அதனால் முதலில் `HF` இலும் பிறகு `WF` இலும் ஒரே 20 வினாடித் துண்டைச் செய்து பார்த்தோம். `HF` துண்டு அழகாக வந்தது. அதிலிருந்து எடுத்த படத்தையும் அம்மாவின் உண்மையான படத்தையும் `face_recognition` என்ற நிரலுக்குக் கொடுத்தோம். அது ஒவ்வொரு முகத்தையும் 128 எண்களாக மாற்றி இரண்டுக்கும் இடையிலான தூரத்தைச் சொல்லும். வழமையாக 0.6க்குக் கீழே இருந்தால் ஒரே ஆள். எங்களுக்கு அதற்கு மேலே வந்தது. யந்திரத்தைப் பொறுத்தவரை இவ வேறு ஆள்.

பிறகு அம்மாவுக்கே மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். அவ ஒரு செக்கனும் யோசிக்கவில்லை.

"இது நான்தானே பிள்ளையள். மூக்குத்தான் ஆரோடையோ மாதிரிக் கிடக்கு."

அவ சொன்னதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய படம் உதவும். 1996இல் பவான் சின்ஹாவும் தொமாசோ பொஜியோவும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு புகைப்படம் போட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனும் உப ஜனாதிபதி அல் கோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போலத்தான் அது தெரியும். உண்மையில் கோரின் முகத்துக்குள் இருந்த கண், மூக்கு, வாய் எல்லாம் கிளின்டனுடையவை. இரண்டு பேருக்கும் ஒரே உள்முகம். ஆனால் கோரின் தலைமயிரும் தலையின் வடிவமும் நின்ற இடமும் அப்படியே இருந்ததால் பார்க்கிறவர்கள் அதைக் கோர் என்றே எடுத்துக்கொண்டார்கள். எங்கட `HF` துண்டும் அதுதான். உள்ளே வேறு ஆள். வெளியே அம்மாவின் உயர்ந்த நெற்றி, முன்மயிர் நரைத்த வகிடு, கூர் நாடி, நாடியின் இடப்பக்கத்து மறு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. 1979இல் எலிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் என்ற மூவரும் செய்த ஆய்வின்படி, நன்கு தெரிந்தவர்களை நாங்கள் அடையாளம் காண்பது கண், மூக்கு, வாய் இருக்கும் உட்பகுதியால்தான் கூடுதலாக. அறிமுகமில்லாத முகங்களில் அந்த மேலோங்கல் இல்லை. தலைமயிர், வெளிவடிவம் எல்லாம் அதே அளவுக்குக் கைகொடுக்கும். அப்படியென்றால் சின்ன வெட்டு ஆரை ஏமாற்றும்? அம்மாவின் தங்கச்சியைக் கொஞ்சம் குழப்பலாம். ஆனால் தங்கச்சியிடமிருந்து மறைக்க ஒன்றுமில்லை, அவவுக்குக் கதை முழுக்கத் தெரியும். எங்களுக்குப் பயம் அந்தக் கடன்காரப் பொடியனை. அவர் கிழமைக்கு எத்தனையோ சென்டர்களுக்குப் போறவர். ஒவ்வொரு பெண்ணின் கண்ணையும் பார்த்து மனதில் வைத்திருக்க மாட்டார். நரைத்த வகிட்டையும் நாடி மறுவையும் வைத்திருப்பார். சின்ன வெட்டு அவருக்கு விட்டுவைக்கிறது சரியாக அவருக்குத் தேவையானதை.

ஆகவே `WF`. அதோடு வேலை மூன்று மடங்காகியது.

நெற்றியை உள்ளே எடுக்கவேண்டுமென்றால் மென்பொருள் தானாகப் போடும் முகமூடி போதாது, அது நெற்றியை விட்டுவிடும். `XSeg` என்ற பகுதியில் சில படங்களில் நாங்களே கையால் கோடு கீறி, "இதுவரை முகம், இது மயிர்" என்று காட்டிப் பயிற்றவேண்டும். அம்மா கதைக்கும்போது முன்மயிர் ஒன்று விழுந்து விழுந்து எழும்பும். அதைக் கீறாமல் விட்ட இடங்களில் மயிர் பாதியில் அறுந்து, நெற்றி பிளாஸ்திரி ஒட்டின மாதிரி மினுங்கும். எங்கே பிழைக்குது என்று பார்க்க வீடியோவை ஓட விடக்கூடாது, படம் படமாகத் தள்ளிப் பார்க்கவேண்டும். ஓடும்போது கண் மன்னித்துவிடும்.

நாடியில் வேறு பிரச்சினை. இந்த முறை தலையின் வடிவத்தை மாற்றாது, அதன்மேல் ஒரு முகத்தை வைக்கும். வைக்கும் முகம் ஒடுக்கமானதென்றால் கீழே இருக்கிற உண்மையான நாடி ஓரத்தால் எட்டிப் பார்க்கும், இரட்டை நாடி மாதிரி. அதனால் முகம் தருகிறவரின் தாடை அம்மாவுடையதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கவேண்டும். அழகு பார்த்துத் தேடவில்லை, தாடை பார்த்துத் தேடினோம். (கலியாணத் தரகர்கூட இப்படிப் பார்க்க மாட்டார்.)

பொட்டு ஒன்றும் இருந்தது. சின்ன வெட்டில் அம்மாவின் ஒட்டுப்பொட்டு அவவுடையதாகவே நெற்றியில் இருக்கும். பெரிய வெட்டில் நெற்றியோடு பொட்டும் மாறும். முகம் தர வந்த அக்கா பொட்டு வைக்கிறவ இல்லை. முதல் சோதனையில் அம்மாவின் நெற்றி வெறுமையாக வந்தது. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது. "அவர் உயிரோட இருக்கேக்க என்னை ஏன் இப்பிடி ஆக்கினனீங்கள்?" முகத்தை மறைக்கச் சொன்னவ, விதவையாக்கச் சொல்லவில்லை. முகமூடியில் பொட்டைச் சுற்றிக் கீறி அதை மட்டும் விலக்கலாம். அப்போது அவவின் பொட்டே நிற்கும். ஆனால் தலை திரும்பும்போது அது இடம் நழுவி மிதந்தது. கடைசியில் அக்காவை அதே அளவுப் பொட்டு வைத்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னோம். ஒரே பொட்டு, ஒரே இடம். சிலதில் பொட்டோடும் சிலதில் இல்லாமலும் இருந்தால் விளைவில் அது மினுக்கு மினுக்கென்று வந்து போகும்.

அந்த அக்கா இருப்பது கனடாவில். அது தற்செயல் இல்லை. கண், மூக்கு, வாய் மட்டும் கொடுத்தால், அம்மாவின் தலைக்குள் அது கலந்து அக்காவை அவவின் சொந்தக்காரருக்கே மட்டுக்கட்டக் கஷ்டம். நெற்றியும் நாடியும் சேர்ந்து போகும்போது அப்படியில்லை. இப்போது திரையில் இருப்பது நல்லாகவே அக்காதான். அம்மாவை எவ்வளவு மறைக்கிறோமோ அவ்வளவுக்கு அக்கா வெளியே வாறா. முதலில் முகம் தர முன்வந்தது எங்கட குழுவிலேயே இருந்த ஒரு தோழி. அவ இதே மாவட்டத்தில் இருக்கிறவ, அவவின் அம்மாவும் ஒரு சென்டரில் உறுப்பினர். `HF` என்றால் யோசித்திருப்போம். `WF` என்றபோது வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். கனடா அக்காவிடம் `WF` துண்டை முதலில் அனுப்பி, "இதைப் பார்த்து ஊரில் ஆரும் உங்களைக் கேட்டால் பரவாயில்லையா" என்று எழுத்தில் கேட்டோம். ஒரு நாள் கழித்து வந்த பதில்: "பரவாயில்லை. ஆனா நான் அழுற மாதிரி இருக்கு, அதை அம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ." அவவின் சொந்த அம்மாவைத்தான் சொன்னா.

`WF` துண்டைக் கடன் எடுத்த அம்மாவுக்குக் காட்டியபோது அவ கனநேரம் பார்த்தா. கண் சிறிது மங்கல்தான், மயிரோரத்தில் செச்னியாப் படத்தில் போல ஒரு புகைச்சல் இருக்கு. அதை அப்படியே விட்டிருக்கிறோம். படத் தொடக்கத்திலும் முகம் மாற்றப்பட்டது என்று எழுத்துப் போடுகிறோம். "இது நானில்லை" என்றா. கொஞ்சம் பொறுத்து, திரையில் கையைக் காட்டினா. பித்தளைக் காப்பு, பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்பு.

கை வரும் காட்சிகளை இப்போது மேலே தூக்கி வெட்டிக்கொண்டிருக்கிறோம். குரலை இன்னொருவர் திரும்பப் பேசிப் பதியவேண்டும், அதற்கு வன்னிப் பேச்சு வாயில் வாற ஆள் ஒருவரைத் தேடுகிறோம்.