விழுந்தது யார்? வினையெச்சம் பற்றிக் கொஞ்சம்

தரம் 7 பிள்ளைகளிடம் வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டால், "முடியாத வினை டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். விடை சரிதான். ஆனால் அடுத்த கேள்வியாக, "அதில் எது முடியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். போய், வாங்கி, சமைத்து என்பவையெல்லாம் செய்து முடித்த வேலைகள்தானே, பிறகு எப்படி முடியாத வினை என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். நல்ல யோசனைதான். அதற்கான பதில் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. ஊரில் நாம் எழுதுகிற கடிதம், முறைப்பாடு எல்லாவற்றிலும் அது வந்து நிற்கிறது. அதனால்தான் இன்றைக்கு இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டு வசனம் ஒன்று.

"வாப்பா சந்தைக்குப் போய், மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து, உம்மாவிடம் கொடுத்தார்."

இதில் நான்கு வேலைகள் இருக்கின்றன. ஆனால் "ஆர்" என்ற விகுதி கடைசி வினையில் மட்டும்தான் வருகிறது. இப்போது அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். "கொடுத்தேன்" என்று போட்டு வாப்பாவை எடுத்துவிட்டால், சந்தைக்குப் போனதும் நான், மீன் வாங்கியதும் நான். "கொடுப்பாள்" என்று போட்டால், போகப் போவதும் வாங்கப் போவதும் ஒரு பெண். போய், வாங்கி, வந்து ஆகிய மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் ஆள் மாறிவிட்டார்.

ஆக, வினையெச்சத்தில் முடியாமல் நிற்பது வேலை அல்ல. அந்த வேலையைச் செய்தது ஆணா பெண்ணா, நானா நீயா என்ற தகவல்தான் மிச்சம் நிற்கிறது. அதைத்தான் "எச்சம்" என்கிறோம். பவணந்தி முனிவரின் நன்னூலும் இதையே சொல்கிறது. வினையெச்சத்தில் தொழிலும் காலமும் தெரியும், பால் தெரியாது, அது ஒரு வினையைக் கொண்டுதான் முடியும். கல்வியியற் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் சூத்திரம். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது.

காலம் தெரியும் என்றேன் அல்லவா, அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நாளைக்குப் போய் வாங்குவேன்" என்கிறோம். நாளைக்கு என்றால் எதிர்காலம். ஆனால் "போய்" இறந்தகால வினையெச்சம். இது எப்படிப் பொருந்தும்? இங்கே இறந்தகாலம் என்பது இன்றைக்கு முந்தியது என்ற அர்த்தத்தில் வரவில்லை. அடுத்த வேலைக்கு முந்தியது என்ற அர்த்தத்தில் வருகிறது. வாங்குவதற்கு முதல் போவது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதனால்தான் "சாப்பிட்டுவிட்டு மருந்து குடியுங்கள்" என்பதும் "மருந்து குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்பதும் இரண்டு வேறு வைத்தியங்கள். எது எச்சமாக நிற்கிறதோ அதுதான் முதலில் நடக்க வேண்டியது. "சிரித்துப் பேசினான்", "ஓடி வந்தான்" போன்ற இடங்களில் மட்டும் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். அங்கே எச்சம் எப்படிப் பேசினான், எப்படி வந்தான் என்பதைச் சொல்கிறது.

பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் இனித்தான் வருகிறது.

"உம்மா சமைத்து நாங்கள் சாப்பிட்டோம்."

வாசிக்கும்போதே காதில் இடறுகிறது. காரணம், "சமைத்து" என்ற எச்சம் தன் ஆளைத் தேடிக் கடைசி வினைக்குப் போகிறது. அங்கே "சாப்பிட்டோம்" என்று "நாங்கள்" இருக்கிறோம். சமைத்ததோ உம்மா. செய்து, போய், வாங்கி என்ற வகை எச்சங்களை முடிக்கும் வினையையும் அதே ஆள்தான் செய்ய வேண்டும். ஆள் மாறுகிறதென்றால் எச்சத்தின் வடிவமும் மாற வேண்டும். "உம்மா சமைக்க, நாங்கள் சாப்பிட்டோம்" என்று எழுதலாம். "உம்மா சமைத்ததும் நாங்கள் சாப்பிட்டோம்" என்றும் எழுதலாம். "மணி அடிக்க, பிள்ளைகள் ஓடினார்கள்" என்பதும் அதே மாதிரிதான். மணி வேறு, பிள்ளைகள் வேறு.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, "மழை பெய்து குளம் நிரம்பியது." பெய்தது மழை, நிரம்பியது குளம், ஆனாலும் பிழை சொல்வதில்லை. ஒன்று காரணம், மற்றது அதனால் வந்த விளைவு. மற்றது, "கால் வழுக்கி விழுந்தான்." வழுக்கியது கால், விழுந்தது அவன். கால் அவனுடைய உறுப்பு என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது விலக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருவரை மோட்டார் சைக்கிள் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கைக்கு மாவுக்கட்டு. பொலிசில் கொடுப்பதற்காகப் பேரனிடம் சொல்லி ஒரு முறைப்பாடு எழுதி, கொடுப்பதற்கு முதல் ஒருதரம் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். அதில் முக்கியமான வசனம் இப்படி இருந்தது:

"நான் காலை 7 மணியளவில் பாண் வாங்கிவிட்டுப் பாதையைக் கடந்து, மோட்டார் சைக்கிள் வேகமாக வந்து மோதி, கீழே விழுந்து, கை முறிந்து, நிறுத்தாமல் சென்றுவிட்டார்."

நான் ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு எச்சத்துக்கும் கீழே கோடு போட்டு, "இது யார் மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். வாங்கிவிட்டு, நான். கடந்து, நான். வந்து, மோதி, மோட்டார் சைக்கிள். விழுந்து, நான். முறிந்து, என்ட கை. சென்றுவிட்டார், அவன்.

"நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தத் தாளில் அப்படி இல்லையே மாமா. 'விழுந்து' என்பதற்கும் 'சென்றுவிட்டார்' என்பதற்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. அப்படியென்றால் விழுந்தவரும் போனவரும் ஒருவர்தான். கையும் போனவருடைய கைதான்."

மாமா சிரித்தார். "நான்தானே மகள் விழுந்த. கையில கட்டோட நிக்கிறன். அது ஆருக்கும் விளங்கும்தானே."

முன்னால் நிற்கிறவருக்கு விளங்கும். ஆனால் முறைப்பாடு ஒரு கோப்புக்குள் போய்விடும். சில மாதம் கழித்து வேறொருவர் அதை எடுத்து வாசிக்கும்போது மாமாவும் இருக்கமாட்டார், மாவுக்கட்டும் இருக்கமாட்டாது. தாளில் உள்ள வசனம் மட்டும்தான் இருக்கும். அந்த வசனத்தின்படி, மோட்டார் சைக்கிளில் வந்தவரே விழுந்து, தன் கை முறிந்த பிறகும் நிற்காமல் போயிருக்கிறார். "கால் வழுக்கி விழுந்தான்" என்பதை ஏற்கும் அதே விலக்கு, "கை முறிந்து சென்றுவிட்டார்" என்பதையும் ஒரே ஆளுடையதாக்கிவிடுகிறது.

இன்னொன்றும் இருந்தது. "பாதையைக் கடந்து" என்று எழுதினால் கடந்து முடித்தாயிற்று என்று அர்த்தம். அப்போது மாமா மறுகரையில் நிற்கிறார். "கடந்து முடித்த பிறகா மோதினது?" என்று கேட்டேன். "இல்ல மகள், நடுப் பாதையில. மஞ்சள் கடவையில" என்றார். மஞ்சள் கடவை என்ற சொல்லே முறைப்பாட்டில் இல்லை. சாரதி பக்கத்துப் பிழையைக் காட்டும் முக்கியமான விவரம் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் கட்டாமல், ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் முற்றுப்புள்ளி வைத்தோம்:

"நான் காலை 7 மணியளவில் பாண் வாங்கிவிட்டு, மஞ்சள் கடவையில் பாதையைக் கடந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்து என்னை மோதியது. நான் கீழே விழுந்ததில் எனது இடது கை முறிந்தது. அதை ஓட்டிவந்தவர் நிறுத்தாமல் சென்றுவிட்டார்."

எச்சங்களை நாங்கள் முற்றாக ஒழிக்கவில்லை. "வாங்கிவிட்டு" இருக்கிறது, மாமாதான் வாங்கினார், அவர்தான் கடந்தார். "வேகமாக வந்து மோதியது" இருக்கிறது, வந்ததும் மோதியதும் ஒரே வண்டி. "நிறுத்தாமல் சென்றுவிட்டார்" இருக்கிறது, நிறுத்தாததும் சென்றதும் ஒரே சாரதி. ஆள் ஒன்றாக இருக்கும் மட்டும் எச்சம், ஆள் மாறினால் முற்று. இவ்வளவுதான் நாங்கள் செய்த திருத்தம்.

இதேபோல் ஆளைக் குழப்பாமல், நடந்ததா இல்லையா என்பதையே குழப்பும் இடம் ஒன்றும் இருக்கிறது. சங்கக் கணக்குகளிலும் பாடசாலைக் கடிதங்களிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

"அவர் சந்தாப் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறவில்லை."

அவர் பணம் செலுத்தினாரா? பணம் கட்டினார், சீட்டு மட்டும் எடுக்கவில்லை என்றும் வாசிக்கலாம். பணமும் கட்டவில்லை, சீட்டும் எடுக்கவில்லை என்றும் வாசிக்கலாம். கடைசி வினையில் உள்ள "இல்லை" எச்சத்துக்கும் சேர்த்து வருகிறதா, இல்லையா என்று இந்த வசனத்தில் சொல்ல முடியாது. பேசும்போது குரலால் காட்டிவிடுவோம். எழுத்தில் குரல் இல்லை. பணம் கட்டியிருந்தால் "பணம் செலுத்தியும் பற்றுச்சீட்டுப் பெறவில்லை" என்று ஓர் "உம்" சேர்த்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். கட்டவில்லை என்றால், "பணம் செலுத்தவும் இல்லை, பற்றுச்சீட்டுப் பெறவும் இல்லை" என்று இரண்டையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். "கதவைப் பூட்டிப் போகவில்லை" என்பதும் அப்படித்தான். பூட்டாமல் போனாரா, போகவே இல்லையா? "பூட்டாமல் போனார்" என்று எழுதினால் கேள்வியே வராது.

ஊரில் மற்றவர்களுக்காகக் கடிதம், விண்ணப்பம், முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். எழுதி முடித்த பின் ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு எச்சத்துக்கும் கீழே கோடு போட்டு, யார் என்று கேளுங்கள். கடைசி வினையின் ஆளோடு பொருந்தவில்லையென்றால் அந்த இடத்தில் வசனத்தை வெட்டுங்கள். கடைசி வினை "இல்லை" என்று முடிந்தால், முன்னால் உள்ள எச்சங்கள் நடந்தவையா நடக்காதவையா என்று இன்னொருதரம் பாருங்கள். உங்கள் கண்ணில் பட்ட இப்படியான வசனங்கள் இருந்தால், பெயர் விவரங்களை எடுத்துவிட்டுக் கீழே எழுதுங்கள். தரம் 7க்கு அடுத்த பயிற்சியை அவற்றை வைத்தே தயாரிக்கலாம்.