வெடியுப்பா, கல் உப்பா?

கோடை விடுமுறையில் தாத்தா மரவாளியில் ஐஸ்கிரீம் சுற்றிக் கொடுத்த கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. உடைத்த ஐஸோடு தாத்தா சேர்த்தது வெடியுப்பு என்பாள். கல் உப்பாக இருக்கும் என்று நான் சொன்னால் உடனே மடக்கிவிடுவாள்.

"டொராண்டோவுல உங்க அக்கா வாசப்படியில உப்பைப் போட்டுத்தான பனியை உருக்கறா? உருக்கற சாமான் எப்படிடா உறைய வைக்கும்?"

பழைய புத்தகங்களைப் புரட்டினால் அவையும் அம்மா பக்கமே சாய்ந்தன. நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1589-ல் வெளியிட்ட நூலில், பனியோடு வெடியுப்பைக் கலந்து அதற்குள் குப்பியைச் சுழற்றி வைனை உறைய வைக்கும் முறை இருக்கிறது. அதே காலத்து அபுல் ஃபசலின் அயினி அக்பரியிலும் வெடியுப்பு வருகிறது: ஐந்து சேர் தண்ணீரில் இரண்டரை சேர் வெடியுப்பைப் போட்டு, வாய் மூடிய உலோகக் கூஜாவை அதில் கால் மணி நேரம் அலசினால் உள்ளே உள்ள நீர் குளிர்ந்துவிடும்.

இரண்டாவதைப் படித்தபோதுதான் சந்தேகம் தட்டியது. அபுல் ஃபசல் சொல்லும் முறையில் பனியே இல்லை. அப்படியானால் இங்கே நடப்பது வேறொரு சங்கதி.

உரக்கடையில் 13-0-45 என்று கேட்டு வாங்கினேன். பொட்டாசியம் நைட்ரேட், அதாவது சுத்தமான வெடியுப்பு. குழாய்த் தண்ணீரில் கரைத்தபோது அபுல் ஃபசல் சொன்னது சரியாகவே வந்தது. வெப்பமானி பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. இந்த உப்பு கரையும்போது நீரிலிருந்து நிறைய வெப்பத்தை உறிஞ்சுகிறது. கல் உப்பைத் தண்ணீரில் போட்டால் முள் லேசாக அசைவதோடு சரி.

பிறகு இரண்டு வாளிகளில் உடைத்த ஐஸ், நடுவில் மூடிய டப்பாவில் சர்க்கரைப் பால். வெடியுப்பு வாளி மைனஸ் 3-ஐ ஒட்டி நின்றுவிட்டது. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அதற்குக் கீழே போகவில்லை. உப்பு அடியில் அப்படியே கிடந்தது. சர்க்கரை கலந்த பால் உறையத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த அளவில்தான் என்பதால், டப்பாவுக்குள் பால் பாலாகவே இருந்தது. கல் உப்பு வாளி மைனஸ் 17 வரை போனது. டப்பாவின் ஓரமெல்லாம் கெட்டியாகிவிட்டது.

அம்மாவின் கேள்விக்கான பதிலும் அந்த வாளியில்தான் இருந்தது. ஐஸின் மேற்பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் கழன்றுகொண்டும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கும். சுற்றியுள்ள நீரில் உப்பு கரைந்தால், ஒட்ட வரும் மூலக்கூறுகள் குறைந்து கழல்வது மிஞ்சுகிறது. அதனால் ஐஸ் உருகுகிறது. ஆனால் ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். டொராண்டோ வாசலில் அதைத் தரையும் காற்றும் கொடுத்துவிடுகின்றன. மரவாளிக்குள் கொடுக்க ஆளில்லாததால் ஐஸும் உப்புநீரும் பாலும் தங்கள் சூட்டையே கொடுத்துக் குளிர்கின்றன. ஆக, உருக்குவதால்தான் அது உறைய வைக்கிறது.

உறைநிலை எவ்வளவு தூரம் இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சார்லஸ் பிளாக்டன் 1788-ல் இதை அளந்து காட்டினார். 0 டிகிரியில் 100 கிராம் நீரில் கல் உப்பு சுமார் 35 கிராம் கரையும். வெடியுப்பு 13 கிராம்தான். அதன் துகள்களும் எடை கூடியவை. அதனால் ஐஸோடு சேரும்போது வெடியுப்பின் எல்லை மைனஸ் 3-லேயே முடிந்துவிடுகிறது, கல் உப்பின் எல்லை மைனஸ் 21. கடுங்குளிர் நாட்களில் சாலை உப்பு பலிக்காமல் போவதும் இதனால்தான். மைனஸ் 10-ஐத் தாண்டினாலே அது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். கார் ரேடியேட்டரில் உப்பு ஊற்றினால் இரும்பு அரித்துவிடும் என்பதால் அங்கே எத்திலீன் கிளைக்கால். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்.

அப்படியென்றால் தெல்லா போர்த்தாவின் வைன் எப்படி உறைந்தது? என் ஊகம் இது: மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த அந்தக் காலத்து வெடியுப்பில் சாதாரண உப்பு கணிசமாகக் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பதே வெடிமருந்துக்காரர்களுக்குப் பெரிய வேலை. வேலையைச் செய்தது அந்தக் கலப்படமாக இருக்கலாம். 1665-ல் குளிரைப் பற்றிப் புத்தகம் எழுதிய ராபர்ட் பாயில், வெவ்வேறு உப்புகளைப் பனியோடு கலந்து பார்த்து, சாதாரண உப்பே போதும் என்று காட்டிவிட்டார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா வாங்கினதும் அந்த மாதிரி அழுக்கு வெடியுப்பா இருக்கும்" என்றாள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

நீங்கள் செய்வதானால் கல் உப்பே போதும். எடைக்கு மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு உப்பு. அடுக்கடுக்காகப் போட்டு நன்றாகக் கிளறுங்கள். உருகிய நீரை முழுதாக வடித்துவிடாதீர்கள், டப்பாவின் சூட்டை ஐஸுக்குக் கடத்துவது அதுதான். வேலை முடிந்ததும் அதைச் செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.