யானைத்தோல் விழாத ஃபாண்டன்ட்

முதலில் கணக்கு. 8 அங்குல வட்டக் கேக், உயரம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 8, இரண்டு பக்கமும் நான்கு நான்கு, ஆக 16. ஓரம் வெட்ட இடம் விட்டு 18 அங்குல வட்டமாகத் தேய்க்க வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 800 கிராம் ஃபாண்டன்ட் பிடிக்கும். ஒரு கிலோ பிசைந்தால் ஓரம் இழுக்காமல் வேலை முடியும். அளவாகப் பிசைந்துவிட்டு வட்டம் போதவில்லையென்று மெலிதாக்கினால், கிழிசல் அங்கேயே தொடங்கிவிடும்.

*

யானைத்தோல் எப்படி வருகிறது? ஃபாண்டன்டின் மேல்பரப்பு காற்றுப் பட்ட நேரம் முதல் காய ஆரம்பிக்கிறது. உள்ளே மிருதுவாகவும் மேலே மெல்லிய பொருக்காகவும் இருக்கும். கேக்கின் முனையில் அது வளைந்து இழுபடும்போது உள்பகுதி நீளும், பொருக்கு நீளாது, பொடிப்பொடியாக வெடிக்கும். அந்தச் சுருக்கக் கோடுகள்தான் யானைத்தோல். ஆகவே தேய்ப்பது, தூக்குவது, போர்த்துவது மூன்றும் சில நிமிடங்களில் முடிய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஏசியின் காற்று நேராக மேசைமேல் விழக்கூடாது. இடையில் கதவைத் திறக்கப் போவதென்றால்கூட ஃபாண்டன்டின் மேல் பிளாஸ்டிக் தாளை மூடிவிட்டுப் போக வேண்டும்.

*

இன்னொரு காரணம் மாவு. ஒட்டுகிறதே என்று சோளமாவைத் தூவத் தூவ, அது ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அடியில் மட்டும், மெல்லிய துணியில் முடிந்து தட்டினால் போதும். மேல்பக்கம் மாவே வேண்டாம். வறண்ட நாளில் மாவுக்குப் பதில் மேசையில் வனஸ்பதியை லேசாகத் தடவித் தேய்ப்பது நல்லது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் கதை வேறு: கொழுப்பு தடவினால் வழுக்கி ஒட்டும், அங்கே மாவுதான் கைகொடுக்கும்.

*

தேய்க்கும் முன் ஒரு சோதனை. பிசைந்த உருண்டையிலிருந்து சிறு துண்டை எடுத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீண்டு மெலிந்து அறுந்தால் பதம் சரி. நீளாமல் பொட்டென்று உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது: ஒரு கிலோவுக்கு அரை டீஸ்பூன் கிளிசரின் விட்டு மறுபடி பிசையலாம். கையில் வனஸ்பதி தடவிக்கொண்டு பிசைந்தாலும் இளகும். தொட்டால் பிசுபிசுத்துத் தொங்கினால் சிறிது ஐசிங் சுகர் சேர்க்கலாம். சி.எம்.சி பவுடர் பொம்மைகளுக்கானது. அது விறைப்பைக் கூட்டிச் சீக்கிரம் காயவைக்கும். போர்த்தும் ஃபாண்டன்டில் அதிகம் சேர்த்தால் வெடிப்பு நிச்சயம். கருப்பு, அடர்சிவப்பு நிறங்களுக்கு ஜெல் கலர் நிறையப் போவதால் ஃபாண்டன்ட் தளர்ந்து கிழியும். இவற்றை நிறமேற்றியே விற்கும் பாக்கெட்டாக வாங்குவது நல்லது.

*

கேக்கின் முனை. கனாஷின் மேல்முனை கத்தியால் அறுத்ததுபோல் கூராக இருந்தால் தொங்கும் ஃபாண்டன்ட் அந்தக் கோட்டிலேயே அறுபடும். முனையை விரலால் ஒரு தடவை லேசாக மழுக்கிவிட்டால் போதும். கேக் ஃப்ரிட்ஜிலிருந்து வந்த உடனே போர்த்தினால் வியர்த்து ஃபாண்டன்ட் நழுவும். கனாஷ் இறுகியிருக்க வேண்டும், மேலே வியர்வை இருக்கக் கூடாது. ஒட்டுவதற்குச் சர்க்கரைப் பாகை மெலிதாகத் தடவினால் போதும்.

*

போர்த்தும் வரிசை முக்கியம். உருளையில் சுற்றித் தூக்கி, நடுவில் இறக்கி விரியுங்கள். உடனே மேல்பரப்பைக் கையால் தடவிக் காற்றை வெளியேற்றி, அடுத்த நொடியே மேல்முனையைச் சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும். முழுப் பாரமும் தொங்குவது அந்த முனையில்தான். அது ஒட்டும்வரை கீழே கைவைக்கவே கூடாது. பின்பு பக்கங்கள். பாவாடைக் கொசுவம்போல் மடிப்பு விழும். மடிப்பை அமுக்காமல், அதன் ஓரத்தை வெளிப்பக்கமாக விரித்துவிட்டு, உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். கீழ்நோக்கி இழுக்காதீர்கள்.

*

பின்னும் கோடுகள் விழுந்தால்: விரல் நுனியில் துளி வனஸ்பதி தொட்டு, ஃபாண்டன்ட் இளகியிருக்கும்போதே வட்டமாகத் தேய்த்தால் நுண்ணிய கோடுகள் மறையும். கிழிசல் சிறிதென்றால், அதே ஃபாண்டன்டைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து நிரப்பி வழிக்கலாம். வெள்ளையில் தெரியாது, அடர்நிறத்தில் தழும்பு தெரியும், அதன்மேல் ஒரு பூவை வைக்க வேண்டியதுதான். முனை முழுக்கச் சுருங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. கனாஷ் இறுகியிருந்தால் உடனே உரித்தெடுத்துப் புது ஃபாண்டன்டைப் போர்த்துங்கள். கேக் துகள் ஒட்டிய பழையதை வெள்ளையில் சேர்க்காமல், அடர்நிற அலங்காரத்துக்குத் தனியே மூடி வைக்கலாம்.