புதுத் தொட்டிதானே என்று இறங்கினோம்

புது செப்டிக் டேங்க்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்க எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறார்கள். மலமே விழாத தொட்டி, என்ன ஆபத்து என்று நாங்களும் நினைத்திருந்தோம். மூடிக் கிடக்கும் தொட்டியில் தேங்கிய நீரும் ஈரப்பலகையும் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. மூக்குக்கு அது தெரியாது.

இப்போது மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறோம். முந்தின நாளே மூடிகளைத் திறந்து, நீரை இறைத்து, ப்ளோயரால் காற்றடிக்க வேண்டும், செலவு அவருடையது. மீட்டரைக் கயிற்றில் அடிவரை இறக்கிப் பார்ப்போம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரும் இறங்குவதில்லை. விளக்கு இறக்கிப் பார்ப்பதை ஒப்புவதில்லை. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

இறங்குபவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும், மேலே வேறு வேலையில்லாமல் இரண்டு பேர். மயங்கினால் கயிற்றை இழுத்துத் தூக்கிவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும், உள்ளே குதிக்கக் கூடாது. அன்று தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனையும் சேர்த்துத்தான் சுமந்து வந்தோம்.