பேட்டா சம்பளம் இல்லை

"மாசம் ஒண்டு முப்பதுக்கு மேல வரும், யோசிக்காத தம்பி" எண்டு சொல்லித்தான் எங்கட நண்பனின் அண்ணாவை லொறிக்கு எடுத்தார்கள். யாழ்ப்பாணம் - கொழும்பு ஓட்டம். போய் வந்தா ஒரு ட்ரிப்புக்கு 7,000 ரூபா, நாளுக்கு 2,000 ரூபா பேட்டா. ஒரு ட்ரிப் இரண்டு நாள், மாசத்துக்கு 12 ட்ரிப். அப்படியெண்டா ட்ரிப் காசு 84,000, பேட்டா 48,000, மொத்தம் 1,32,000. கணக்கில பிழை இல்லை.

ஆனா அண்ணாவிட்ட ஒரு கொப்பி இருக்கு. போன திகதி, வந்த திகதி, கைக்கு வந்த காசு எல்லாம் எழுதுவார். உள்ளூரில 50,000 ரூபா மாதச் சம்பளத்துக்கு வேறொரு டெலிவரி வேலை வந்தபோது, எது நல்லது எண்டு பார்க்க நாங்கள் அந்தக் கொப்பியைத்தான் திறந்தோம்.

வீட்டை விட்டு வெளியில நிண்டது அதே 24 நாள்தான். ஆனா ட்ரிப் எட்டு. கொழும்பில சாமான் இறக்க வரிசை, பிறகு திரும்பி வர லோட் கிடைக்கும்வரை காத்திருப்பு. இரண்டு நாள் ட்ரிப் இப்படித்தான் மூன்று நாளாகுது. ட்ரிப் காசு 56,000. ஓடின நாளுக்கு மட்டும்தான் பேட்டா, ஆக 16 நாளுக்கு 32,000. காத்திருந்த எட்டு நாளும் அவருக்குப் பசிக்கும்தானே? சாப்பாடு, தேத்தண்ணி, குளிப்பு எண்டு நாளுக்கு 1,500 படி 24 நாளுக்கு 36,000 போயிருக்கு. பேட்டாவில மிச்சம் இல்லை, 4,000 குறையுது. உண்மையான மாத உழைப்பு 52,000.

டெலிவரி வேலையில 50,000க்கு மேல முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டவேணும். அது 7,500. அவர் சம்பளத்தில வெட்டுற 8 வீதமும் அவர்ர கணக்கிலதான் சேரும். ஆக 57,500, இரவு வீட்டில நித்திரை. லொறியில "ட்ரிப் காசுக்கு இபிஎப் இல்லை" எண்டு சொல்லியிருக்கிறார்கள். ஆனா வேலையின் அளவுக்குக் கொடுக்கிற கூலியும் சட்டப்படி சேமலாப நிதிக்குரிய உழைப்புத்தான்.

அதுக்காக லொறி மோசமெண்டு நாங்கள் சொல்லவில்லை. காத்திருக்கிற நாளுக்கும் பேட்டா தந்தா 16,000 கூடும். 52,000 எண்டது 68,000 ஆகும், லொறி முந்திவிடும். ட்ரிப் காசை 1,000 ரூபா கூட்டினாலோ 8,000தான் கூடும். அதால முதலாளியிட்ட பேரம் பேசவேண்டியது ட்ரிப் காசைப் பற்றி அல்ல, அந்த மூன்றாவது நாளைப் பற்றி.

ஒரு மாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் ஏலாது. லொறி கராஜில நிண்ட மாசமும் சேரவேணும். அண்ணா இப்ப இன்னும் இரண்டு மாசக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். டெலிவரிக்காரருக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேணும்.